ஒரே சம்பளம், நான்கு தொகைகள்: நிறுவனத்திடம் சம்பளச் சான்றிதழ் கேட்கும்போது

ஊழியர்களுக்கான சம்பளச் சான்றிதழையும் பணி உறுதிக் கடிதத்தையும் தயாரித்து மனிதவள மேலாளரின் கையொப்பத்திற்கு வைப்பது, சம்பளப் பிரிவில் எனக்குரிய பொறுப்புகளில் ஒன்று. வீட்டுக் கடனுக்கோ விசாவுக்கோ விண்ணப்பிக்கிறவர்கள் கேட்கும் கடிதங்கள் இவை. வருகிற வேண்டுகோள்களில் பெரும்பாலானவை ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன: "சார், ஒரு சாலரி சர்டிபிகேட் வேண்டும், கொஞ்சம் அவசரம்." யாரிடம் கொடுப்பதற்கு, என்ன காரணத்திற்காக, எந்தத் தேதிக்குள் என்ற விவரம் எதுவும் இருப்பதில்லை. விவரம் இல்லாதபோது எந்த அலுவலகமும் தன்னிடம் உள்ள வழக்கமான படிவத்தில் பெயரையும் தொகையையும் மாற்றித்தான் கொடுக்கும். அந்தக் கடிதத்தில் பொய் எதுவும் இருக்காது. ஆனாலும் வங்கியிலிருந்தோ விசா அலுவலகத்திலிருந்தோ "விவரம் போதவில்லை" என்று அது திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

கடிதத்தைக் கொடுப்பது நிறுவனம் என்றாலும், அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்து கேட்க வேண்டியவர் ஊழியர்தான் என்பது என் உறுதியான கருத்து. வங்கி எதைப் பார்க்கும், தூதரகம் எதைத் தேடும் என்பது சம்பளப் பிரிவுக்கு எப்போதும் தெரிந்திருக்காது. தேவையான ஆவணங்களின் பட்டியல் விண்ணப்பதாரரின் கையில்தான் இருக்கிறது.

முதலில் இரண்டு கடிதங்களையும் பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. பணி உறுதிக் கடிதம், இன்னார் எங்கள் நிறுவனத்தில் இந்தத் தேதியிலிருந்து இந்தப் பதவியில் பணியில் இருக்கிறார் என்பதைச் சொல்கிறது. பணி நிரந்தரமானதா, ஒப்பந்த அடிப்படையிலானதா, தகுதிகாண் காலம் முடிந்துவிட்டதா என்பதும் அதில் இருக்க வேண்டும். சம்பளச் சான்றிதழ், அவருக்கு மாதந்தோறும் என்ன கொடுக்கப்படுகிறது, எது பிடிக்கப்படுகிறது, கைக்கு எவ்வளவு போகிறது என்பதைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே கடிதத்தில் அடக்கிவிடலாம். பல அலுவலகங்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் படிக்கிறவரின் கேள்வி இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. கடன் கொடுப்பவர், இந்த வருமானம் தொடருமா, அதிலிருந்து தவணை கட்ட முடியுமா என்று பார்க்கிறார். விசா அதிகாரி, இவருக்குத் திரும்பி வருவதற்கு ஒரு வேலை இருக்கிறதா, பயணச் செலவு இவருடைய வருமானத்திற்கு ஏற்றதாக இருக்கிறதா என்று பார்க்கிறார். ஒரு கேள்விக்காக எழுதப்பட்ட கடிதத்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால், பதில் கிடைக்காத இடத்தில் சந்தேகம் முளைக்கிறது.

தொகைகள் எப்படிச் சிக்கலாகின்றன என்பதை எங்கள் கொள்முதல் பிரிவில் பணியாற்றும் ஒருவரின் வீட்டுக் கடன் விண்ணப்பத்தைக் கொண்டு விளக்குகிறேன். ஆள் அடையாளம் தெரியாதிருக்க விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். கணக்கின் போக்கு மாறவில்லை.

அவருடைய பணி நியமனக் கடிதத்தில் ஆண்டு மொத்தத் தொகை 11,80,000 என்று இருந்தது. கடன் விண்ணப்பப் படிவத்தில் மாத வருமானம் என்ற கட்டத்தில் அதைப் பன்னிரண்டால் வகுத்து, ஏறத்தாழ 98,000 என்று எழுதியிருந்தார். அவர் வாங்கிச் சென்ற சம்பளச் சான்றிதழில் மாதச் சம்பளம் 82,000 என்று இருந்தது. இணைத்திருந்த வங்கிக் கணக்கு அறிக்கையிலோ ஒவ்வொரு மாதமும் 65,400 வரவாகியிருந்தது. நடுவில் ஒரு மாதம் மட்டும் 74,400 வந்திருந்தது. கடன் பிரிவு அலுவலர் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார். "சார், நான் கொடுத்தது எல்லாமே உண்மைதானே? இதில் எதை நம்ப மாட்டேன் என்கிறார்கள்?" என்று அவர் என்னிடம் வந்து கேட்டபோது அவர் குரலில் இருந்த வருத்தம் நியாயமானது.

எல்லாத் தொகைகளும் உண்மைதான். 11,80,000 என்பது அவருக்காக நிறுவனம் ஓர் ஆண்டில் செய்யும் மொத்தச் செலவு. அதில் மாதச் சம்பளம் 82,000 வீதம் 9,84,000 அடங்கும். மீதியில் 64,800 ஓய்வுக்கால நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கு; 35,200 காப்பீட்டுக்கும் பணிக்கொடைக்கும் ஒதுக்கப்படுவது; 96,000 ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் நிறுவனத்தின் முடிவைப் பொறுத்துக் கிடைக்கும் போனஸ். இவற்றுள் எதுவும் மாதாமாதம் அவர் கைக்கு வருவதில்லை. எனவே படிவத்தில் எழுதிய 98,000 என்ற தொகை வேறு எந்த ஆவணத்திலும் தென்படாத ஒரு தொகையாக நின்றது.

அடுத்து 82,000. இது பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தச் சம்பளம்: அடிப்படைச் சம்பளம் 45,000, வீட்டு வாடகைப் படி 18,000, பயணப் படி 7,000, சிறப்புப் படி 12,000. இதிலிருந்து ஓய்வுக்கால நிதிக்கு 5,400, வருமான வரிக்கு 4,200, மருத்துவக் காப்பீட்டுக்கு 1,000, முன்பு அலுவலகத்தில் வாங்கியிருந்த முன்பணத்திற்கான தவணை 6,000 என மொத்தம் 16,600 பிடிக்கப்படுகிறது. மீதி 65,400 வங்கிக்குப் போகிறது. ஒரு மாதம் மட்டும் கூடுதலாக வந்த 9,000, இலக்கை எட்டியதற்காகக் கொடுக்கப்பட்ட ஊக்கத்தொகை. இதையெல்லாம் அறிந்தவருக்குக் கோப்பில் ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் கோப்பைப் படித்தவருக்கு எங்கள் சம்பளப் பட்டியல் தெரியாது. ஒரே வருமானத்திற்கு நான்கு தொகைகள் அவர் முன்னால் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்படிப் போவது என்று எந்தத் தாளும் சொல்லவில்லை.

இரண்டாவதாக நாங்கள் கொடுத்த கடிதத்தில் செய்த மாற்றம் மிக எளிமையானது. மொத்தச் சம்பளத்தின் கூறுகளை ஒரு சிறிய அட்டவணையாகவும், பிடித்தங்களை அதன் கீழும், கைக்குக் கிடைக்கும் தொகையைக் கடைசி வரியாகவும் வைத்தோம். அதன்பின் இந்த நான்கு வாக்கியங்களைச் சேர்த்தோம்:

> மேற்கண்ட நிகரத் தொகையான 65,400 ஒவ்வொரு மாதமும் அவருடைய வங்கிக் கணக்கில் நேரடியாக வரவு வைக்கப்படுகிறது. அறிக்கையில் ஒரு மாதத்தில் காணப்படும் கூடுதல் தொகை 9,000, அந்த மாதத்திற்குரிய ஊக்கத்தொகையாகும். அது நிலையான சம்பளத்தின் பகுதி அன்று. பணியாளர் முன்பணத்திற்கான 6,000 தவணையில் இன்னும் 5 தவணைகளே மீதமுள்ளன.

முன்பணத்தைப் பற்றிய கடைசி வாக்கியத்தைச் சேர்க்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதனால்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன். கடன் கொடுப்பவர்கள் பொதுவாக நிகரச் சம்பளத்தில் ஒரு குறிப்பிட்ட பங்குக்கு மேல் தவணைகளுக்குப் போகக்கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அந்த வரம்பு பாதி என்று வைத்துக்கொள்வோம். நிகரத் தொகை 65,400 என்றால் தவணைக்கு 32,700 வரை இடம் இருக்கிறது. முன்பணம் தீர்ந்ததும் நிகரத் தொகை 71,400 ஆகிவிடும். அப்போது 35,700 வரை இடம் உண்டு. மாதத்திற்கு 3,000 என்ற இந்த வேறுபாடு, இருபது ஆண்டுக் கடனில் கிடைக்கக்கூடிய தொகையைக் கணிசமாக மாற்றிவிடும். சில மாதங்களில் முடியப்போகிற பிடித்தத்தைக் கணக்கில் கொள்வதா, விடுவதா என்பது கடன் கொடுப்பவரின் விதியைப் பொறுத்தது. ஆனால் அது முடியப்போகிறது என்ற செய்தியே கடிதத்தில் இல்லாவிட்டால், அவருக்கு அந்தத் தேர்வே இல்லாமல் போகிறது.

முன்பணத்தை மறைத்துவிட்டு 71,400 என்றே எழுதித் தர முடியுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். முடியாது. வங்கி அறிக்கையில் 65,400 வரவாகியிருப்பதைப் பார்த்தவுடனேயே கடிதத்தின் மீதான நம்பிக்கை போய்விடும். விசாவில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. கனடாவில் உண்மைக்குப் புறம்பான தகவலைக் கொடுத்ததாக முடிவு செய்யப்பட்டால் 5 ஆண்டுகள் உள்ளே நுழையத் தடை ஏற்படுகிறது. பிரிட்டனின் குடிவரவு விதிகளில், விண்ணப்பத்தில் ஏமாற்று இருந்ததாகக் கண்டால், அடுத்து வரும் விண்ணப்பங்களை 10 ஆண்டுகள் வரை மறுக்க இடமிருக்கிறது. சம்பளத்தைக் கூட்டிக் காட்டச் சொல்லி மேலாளரிடம் கேட்கிறவர், தம் நன்மைக்காகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு தம் எதிர்காலத்தையே பணயம் வைக்கிறார். கையொப்பமிடுகிறவரையும் அதில் சிக்கவைக்கிறார்.

இப்போது விசாவுக்கு வருகிறேன். ஐரோப்பாவின் ஷெங்கன் குறுகிய கால விசாவை எடுத்துக்கொள்ளலாம். அதன் மறுப்புப் படிவத்தில் உள்ள காரணங்களில் ஒன்று, விசாக் காலம் முடிவதற்குள் நாட்டை விட்டு வெளியேறும் எண்ணம் விண்ணப்பதாரருக்கு உண்டா என்பதில் நியாயமான ஐயம் இருக்கிறது என்பது. அந்த ஐயத்தை நீக்கும் வலுவான சான்றுகளில் பணி உறுதிக் கடிதமும் ஒன்று. ஆகவே கடன் கோப்பில் முக்கியமாக இருந்த பிடித்தங்களின் அட்டவணை இங்கே இரண்டாம் இடத்திற்குப் போகிறது. முதலிடம் விடுப்புக்கு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை விடுப்பு அனுமதிக்கப்பட்டிருக்கிறது, எந்த நாளில் அவர் மீண்டும் பணிக்கு வர வேண்டும், விடுப்பு சம்பளத்துடன் கூடியதா என்பவை தெளிவாக இருக்க வேண்டும். அந்தத் தேதிகள் விமான முன்பதிவோடும், விண்ணப்பப் படிவத்தில் எழுதிய பயணத் தேதிகளோடும் பொருந்த வேண்டும். 14 நாள் பயணத்திற்கு 10 நாள் விடுப்புக் கடிதத்தை வைத்துச் செல்பவர்கள், நடுவில் வார விடுமுறைகள் வருவதால் அது சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். அவர்களுக்குச் சரிதான். படிக்கிறவருக்கு நான்கு நாள் இடைவெளி மட்டுமே தெரியும். வார விடுமுறைகளையும் உள்ளடக்கிய முழுக் காலத்தையும் தேதி வாரியாக எழுதச் சொல்வதே சரியான வழி.

அங்கே நிறுவனத்தின் வாக்கியத்திற்கும் ஓர் எல்லை இருக்கிறது. "இவர் கட்டாயம் திரும்பி வருவார் என்று உறுதியளிக்கிறோம்" என்று எழுதித் தரும்படி சிலர் கேட்கிறார்கள். ஊழியர் ஒருவர் நாளை என்ன செய்வார் என்பதற்கு நிறுவனம் பொறுப்பேற்க முடியாது. பொறுப்புள்ள எந்த மேலாளரும் அதில் கையொப்பமிடத் தயங்குவார். "அனுமதிக்கப்பட்ட விடுப்பு முடிந்ததும் இன்ன தேதியில் அவர் தம் பணியில் மீண்டும் சேர வேண்டும், அந்தப் பணியிடம் அவருக்காகத் தொடர்கிறது" என்ற வாக்கியம் உண்மையைச் சொல்கிறது, நிறுவனமும் தயங்காமல் எழுதித் தரும். பயணத்திற்கு நிறுவனத்தின் ஆட்சேபம் இல்லை என்ற ஒரு வரியும் பல இடங்களில் எதிர்பார்க்கப்படுகிறது. செலவை யார் ஏற்கிறார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். சொந்தப் பயணம் என்றால் நிறுவனம் எந்தச் செலவையும் ஏற்கவில்லை என்பதே அந்த வரி.

கடன் பக்கத்திலும் இதே எல்லை வேறு உருவில் வரும். ஊழியரின் சம்பளத்தைத் தொடர்ந்து இந்த வங்கிக்கே அனுப்புவோம், அவர் வேலையை விட்டால் இறுதிக் கணக்குத் தொகையையும் இங்கேயே செலுத்துவோம் என்று நிறுவனம் உறுதி கொடுக்கும் கடிதத்தைச் சில வங்கிகள் கேட்கின்றன. இதைச் சம்பளச் சான்றிதழ் என்றே பலர் நினைத்துக் கேட்கிறார்கள். சான்றிதழ், நடந்ததையும் இருப்பதையும் சொல்கிறது. இந்தக் கடிதமோ நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தம். மனிதவளப் பிரிவில் கையொப்பமிடுகிறவருக்கு இதில் கையொப்பமிடும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. நிதிப் பிரிவின் தலைமைக்கோ சட்ட ஆலோசகருக்கோ அது போக வேண்டியிருக்கும். வங்கி கொடுத்த படிவத்தை முதல் நாளே முழுமையாகப் படித்து, "உறுதியளிக்கிறோம்", "பொறுப்பேற்கிறோம்" போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டால், எத்தனை நாள் ஆகும் என்பதை அப்போதே ஊகித்துவிடலாம்.

எப்படிக் கேட்பது என்பதில் பலருக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. விசா என்று சொன்னால் வேலையை விட்டுப் போகப் பார்க்கிறார் என்று மேலாளர் நினைத்துவிடுவாரோ, கடன் என்று சொன்னால் பண நெருக்கடி என்று அலுவலகம் முழுக்கப் பேசுவார்களோ என்ற அச்சம் அது. அதனால் காரணத்தை விட்டுவிட்டு, "சொந்தத் தேவைக்கு" என்று மட்டும் எழுதுகிறார்கள். என் அனுபவத்தில், காரணம் இல்லாத வேண்டுகோள்தான் அதிகமான ஊகங்களைக் கிளப்புகிறது. நோக்கத்தையும் கடிதம் போகும் இடத்தையும் நேரடியாகச் சொன்ன வேண்டுகோள், சம்பளப் பிரிவின் மேசையில் ஒரு வழக்கமான வேலையாகவே கருதப்படும். கடனின் தொகையையோ, வீட்டின் விலையையோ, குடும்பக் காரணங்களையோ சொல்ல வேண்டியதில்லை. கடிதத்தின் வாசகத்தைத் தீர்மானிக்கத் தேவையானது மட்டும் போதும். வாய்மொழியாகக் கேட்பதைவிட மின்னஞ்சலில் கேட்பது இருவருக்கும் நல்லது. கையொப்பமிடுகிறவருக்கு அது ஓர் ஆதாரம். பெயரும் தேதியும் பிழையில்லாமல் நகலெடுக்கவும் உதவும்.

என்னிடம் வந்த வேண்டுகோள்களில் எந்தக் கேள்வியும் திரும்பக் கேட்காமல் கடிதம் தயாரிக்க முடிந்தவை ஏறத்தாழ இப்படி இருந்தன:

> மனிதவளப் பிரிவுக்கு வணக்கம். நான் கொள்முதல் பிரிவில் முதுநிலை அலுவலராகப் பணியாற்றுகிறேன். என் பணியாளர் எண் கீழே உள்ளது. வீட்டுக் கடன் விண்ணப்பத்திற்காக, வங்கியின் கடன் பிரிவு மேலாளருக்கு முகவரியிட்ட சம்பளச் சான்றிதழும் பணி உறுதியும் ஒரே கடிதமாகத் தேவைப்படுகின்றன. வங்கி கேட்டிருப்பவை: பணியில் சேர்ந்த தேதி, தற்போதைய பதவி, பணியின் தன்மை, சம்பளக் கூறுகள், பிடித்தங்கள், நிகரச் சம்பளம். என் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதப்பட வேண்டும். அதன் நகலையும் வங்கியின் ஆவணப் பட்டியலையும் இணைத்துள்ளேன். வரும் மாதம் 12ஆம் தேதிக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும். வங்கி சரிபார்ப்புக்காகத் தொடர்பு கொண்டால் யாரிடம் பேச வேண்டும் என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். நன்றி.

இதில் பெயரைப் பற்றிய வரியைத் தமிழ்ப் பெயருடையவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். சம்பளப் பட்டியலில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயரும், கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயரின் இடத்தில் விரிவாக எழுதப்பட்ட வேறொரு வடிவமும், வங்கிக் கணக்கில் மூன்றாவது வடிவமும் இருப்பது நம்மிடையே சாதாரணம். நமக்கு அது ஒரே ஆள் என்பதில் ஐயமே எழாது. தலைப்பெழுத்து என்ற வழக்கமே தெரியாத விசா அதிகாரிக்கு அது இரண்டு பெயர்கள். கடிதத்தில் கடவுச்சீட்டுப் பெயரை எழுதி, "எங்கள் சம்பளப் பதிவேட்டில் இவர் பெயர் இன்ன வடிவில் உள்ளது; இருவரும் ஒருவரே" என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், சம்பளச் சீட்டுகளும் அதனோடு இணைந்துகொள்கின்றன. கடவுச்சீட்டு எண்ணையும் சேர்ப்பது விசாக் கடிதத்தில் நல்லது. கடன் கடிதத்தில் அது தேவையில்லாத தனிப்பட்ட விவரம்.

சரிபார்ப்பைப் பற்றிய கடைசி வரியும் அலங்காரமாகச் சேர்த்தது அன்று. கடிதம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், வங்கி நிறுவனத்தை அழைத்து உறுதி செய்துகொள்ளக்கூடும். தூதரகங்களும் சில வேளைகளில் அப்படிச் செய்கின்றன. கடிதத் தலைப்பில் அச்சிட்டிருக்கும் பொதுத் தொலைபேசி எண்ணை எடுப்பவர் வரவேற்பில் இருப்பவர். "அப்படி ஒருவர் இங்கே இருப்பதாக எனக்குத் தெரியவில்லை" என்று அவர் கள்ளமில்லாமல் சொன்ன ஒரு பதில், ஒரு நல்ல கோப்பை வாரக்கணக்கில் நிறுத்திவைத்ததைப் பார்த்திருக்கிறேன். இதைத் தவிர்க்கக் கையொப்பத்தின் கீழ், கையொப்பமிட்டவரின் முழுப் பெயர், பதவி, நேரடித் தொலைபேசி எண், நிறுவனத்தின் பெயரிலான மின்னஞ்சல் முகவரி ஆகியவை இருக்க வேண்டும். இலவச மின்னஞ்சல் முகவரி அச்சிட்ட கடிதத்தை வங்கிகள் சந்தேகத்தோடு பார்க்கின்றன. கையொப்பமிட்டவர் விடுப்பில் போகிறாரா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளலாம். அவர் இல்லாத வாரத்தில் சரிபார்ப்பு அழைப்பு வந்தால் யார் பதில் சொல்வது என்று முன்பே பேசிவைப்பது சிறிய வேலைதான்.

கடிதம் கைக்கு வந்ததும் அப்படியே உறையில் போட்டுக்கொண்டு போகாமல், அங்கேயே நின்று சம்பளச் சீட்டையும் வங்கி அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பணியில் சேர்ந்த தேதி நியமனக் கடிதத்தோடு பொருந்துகிறதா, பதவி உயர்வுக்குப் பிந்தைய பதவி இருக்கிறதா, நிகரத் தொகை கடைசியாக வரவான தொகையோடு ஒத்துப்போகிறதா என்பவற்றில் கண்ணை ஓட்டினால் போதும். சம்பள உயர்வு வந்த சில மாதங்களில்தான் பிழைகள் அதிகம் நேர்கின்றன. கடிதம் புதிய சம்பளத்தைச் சொல்லும்; இணைக்கும் மூன்று சம்பளச் சீட்டுகளில் இரண்டு பழைய சம்பளத்தைக் காட்டும். அப்போது "இன்ன தேதியிலிருந்து திருத்தியமைக்கப்பட்ட சம்பளம்" என்ற சொற்கள் கடிதத்தில் இல்லாவிட்டால், உயர்வு என்ற நல்ல செய்தியே முரண்பாடாகத் தெரியும்.

தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களும், ஒப்பந்தம் முடியும் தேதி நெருங்கியவர்களும், ராஜினாமா கொடுத்துவிட்டு அறிவிப்புக் காலத்தில் இருப்பவர்களும் இந்தக் கடிதத்தைக் கேட்பதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும். பணியின் தன்மையைப் பற்றி வங்கி கேட்டால் நிறுவனம் உண்மையைத்தான் எழுதும். ராஜினாமாவை எழுதாமல் விட்டுக் கடிதம் கொடுக்கச் சொல்வது, சரிபார்ப்பு அழைப்பில் உடைந்துவிடும். தகுதிகாண் காலம் இன்னும் ஒரு மாதத்தில் முடியும் என்றால், பணி நிரந்தர ஆணை வந்தபின் விண்ணப்பிப்பதே எளிது. ஒப்பந்தப் பணி என்றால் முடிவுத் தேதியோடு, முன்பு எத்தனை முறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது என்பதையும் எழுதச் சொல்லலாம். அதுவும் பதிவேட்டில் உள்ள உண்மைதான், விண்ணப்பதாரருக்குச் சாதகமான உண்மை.

சில நிறுவனங்கள் சம்பள விவரத்தை எழுதித் தர மறுப்பதுண்டு. பணியில் இருக்கிறார் என்பதை மட்டுமே உறுதி செய்வோம், மற்றது எங்கள் கொள்கையில் இல்லை என்பார்கள். அப்போது வாதாடி நாளைப் போக்குவதைவிட, அந்தப் பணி உறுதியை மட்டும் வாங்கிக்கொண்டு, சம்பளத்தை வேறு தாள்களால் நிறுவுவது நடைமுறைக்கு ஏற்றது. நிறுவனத்தின் முத்திரையிட்ட சம்பளச் சீட்டுகள், சம்பள வரவைக் காட்டும் வங்கி அறிக்கை, வருமான வரித் தாக்கலின் நகல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். நிறுவனத்தின் கொள்கையால் சம்பளச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்பதை விண்ணப்பத்தோடு வைக்கும் முகப்புக் கடிதத்தில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். மறுப்பு மின்னஞ்சலில் வந்திருந்தால் அதையும் இணைக்கலாம். சிறிய நிறுவனங்களில் நிலைமை வேறு: மனிதவளப் பிரிவு என்று ஒன்றே இருக்காது, உரிமையாளரே எழுதித் தருவார். அங்கே நிறுவனத்தின் பதிவு எண்ணும் உரிமையாளரின் பதவியும் கடிதத்தில் இருந்தால், நிறுவனம் உண்மையில் இயங்குகிறது என்பதைப் படிக்கிறவர் தாமே சரிபார்த்துக்கொள்ள முடியும். சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்குகிறவர்களுக்கு இந்த வழி கடினம். வங்கி அறிக்கை என்ற இரண்டாவது சாட்சி அவர்களுக்கு இல்லை. விண்ணப்பத்திற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுக்கும்படி உரிமையாளரிடம் கேட்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை.

தேதியும் கணக்கில் கொள்ள வேண்டிய ஒன்று. கடிதம் அண்மையில் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. பல இடங்களில் ஒரு மாதத்திற்கு மேற்பட்ட கடிதத்தை ஏற்பதில்லை. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்திற்கு 6 மாதங்கள் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். பொதுவாக 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பம் சேர்ந்திருக்க வேண்டும். முடிவுக்கு வழக்கமாக 15 நாட்கள், சில நேர்வுகளில் 45 நாட்கள் வரை ஆகலாம். எனவே நான் எப்போதும் சொல்வது, விண்ணப்பம் கொடுக்கும் நாளை முதலில் முடிவு செய்யுங்கள். அதிலிருந்து பின்னோக்கி இரண்டு வாரம் எண்ணி, அந்த நாளில் வேண்டுகோளை அனுப்புங்கள். அதற்கு முன்பே வாங்கினால் கடிதம் பழசாகிவிடும். அதற்குப் பின் கேட்டால் கையொப்பமிடுகிறவர் பயணத்தில் இருக்கும் நாளாக அது அமைந்துவிடலாம். சம்பளப் பட்டியல் தயாராகும் மாதக் கடைசி நாட்களில் கேட்பதையும் முடிந்தவரை தவிர்க்கலாம்; அந்த நாட்களில் எங்கள் பிரிவில் எந்தக் கடிதத்திற்கும் உரிய கவனம் கிடைப்பதில்லை.

கொள்முதல் பிரிவு அலுவலரின் கோப்பு, இரண்டாவது கடிதத்தோடு மீண்டும் போனது. விண்ணப்பப் படிவத்தின் மாத வருமானக் கட்டத்தையும் அவர் திருத்தி, மொத்தச் சம்பளம் 82,000, நிகரம் 65,400 என்று இரண்டையும் எழுதினார். வங்கியிலிருந்து சரிபார்ப்பு அழைப்பு வந்தது. அழைத்தவர் கேட்டது ஊக்கத்தொகையைப் பற்றி அன்று, அது கடிதத்திலேயே இருந்தது. பணியில் சேர்ந்த தேதியை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பத்திர ஆவணங்கள் தாமதமானதால் ஒப்புதலுக்கு முன் வங்கி புதிய தேதியிட்ட கடிதம் ஒன்றைக் கேட்டது. அதே வாசகத்தில் எழுதினோம். முன்பணத் தவணைகளில் மீதி 5 என்று இருந்த இடத்தில் மட்டும், அன்றைய நிலவரப்படி 3 என்று மாற்றினோம்.